சித்தப்பா சொன்ன கதை: நம்பகமற்ற கதைசொல்லி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருத்துறைப்பூண்டியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சிலர் கூடிக் கதை படிக்கிறோம். நம்பகமற்ற கதைசொல்லியைப் பற்றிப் பேசுவதற்காக நான்கு பக்கத்தில் ஒரு கதை எழுதி வைத்திருக்கிறேன். படித்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்தான் இங்கே இருக்கின்றன.

கதை இதுதான். தலைஞாயிறு பக்கம், காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஒரு கடைமடை ஊர். அண்ணன் இறந்து பதினாறாம் நாள் கருமாதி முடிந்த சாயங்காலம், அண்ணன் மகன் சித்தப்பாவிடம் கேட்கிறான்: "அப்பா ஏன் நிலத்தை வித்தாரு?" சித்தப்பா பதில் சொல்கிறார். கதை முழுக்க அவர் குரல்தான்.

முதல் பக்கத்தில் இப்படி வருகிறது:

"கேட்டுக்கப்பா. 2003ல நம்ம ஆறு மா நிலத்தையும் அண்ணன் வித்துட்டாரு. எனக்குச் சேதியே ஊர்க்காரங்க சொல்லித்தான் தெரியும். இத்தனைக்கும் அந்த வருஷம் குறுவை நல்லா விளைஞ்சுது. மூட்டை மூட்டையா வித்த காசு எங்க போச்சு? எல்லாம் டாஸ்மாக்ல போச்சு. குடிக்கிறவன் கையில நிலம் நிக்குமா?"

மூன்றாம் பக்கத்தில், வேறு ஏதோ பேசிக்கொண்டே வரும்போது:

"ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசல்ல வேப்பமரத்தடியில நின்னோம். கட்டைவிரல்ல மை போகவே இல்ல. வேட்டி ஓரத்துல தேச்சேன், அப்பவும் போகல. அண்ணன் டீ வாங்கிக் குடுத்தாரு. கிளாஸ்ல என் ரேகை கறுப்பா ஒட்டிக்கிச்சு. 'நல்லபடியா போயிட்டு வா தம்பி'ன்னாரு."

கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில், அந்தப் பொங்கலுக்கு முன்னால் தான் சிங்கப்பூருக்கு விமானம் ஏறியதாகச் சொல்கிறார்.

நம்பகமற்ற கதைசொல்லி என்றால் பொய் சொல்கிறவர், அவ்வளவுதானே?

பொய் சொல்கிறவர் அதில் ஒரு வகை. 1961ல் வேய்ன் பூத் என்ற அமெரிக்க விமர்சகர் இந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தபோது பொய்யை அளவுகோலாக வைக்கவில்லை. ஒரு படைப்பு எந்த மதிப்புகளின் மேல் நிற்கிறதோ, அவற்றோடு ஒத்துப் போகாத கதைசொல்லியை அவர் நம்பகமற்றவர் என்றார். நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டு அதற்குத் தப்பான காரணம் கற்பிக்கிறவரும் இதில் அடக்கம். காரணத்தைச் சரியாகச் சொல்லிவிட்டு ஆளை அநியாயமாக எடை போடுகிறவரும் அடக்கம்.

இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் நிறைய தெளிவாகும். சித்தப்பா சொல்வதில் மூன்று தட்டு இருக்கிறது. நிலம் விற்கப்பட்டது என்பது நடந்தது. குடிக்காக விற்றார் என்பது அவர் கற்பிக்கிற காரணம். "குடிக்கிறவன் கையில நிலம் நிக்குமா" என்பது தீர்ப்பு. முதல் தட்டு உண்மையாக இருப்பதால் மற்ற இரண்டையும் கூடவே விழுங்கிவிடுகிறோம். நிலம் போனது ஊருக்கே தெரியும், அதில் பொய் சொல்ல முடியாது. அந்த உறுதியான செய்தியின் முதுகில்தான் காரணமும் தீர்ப்பும் ஏறிக்கொண்டு வருகின்றன.

எனக்கு முதல் தடவை படித்தபோது சந்தேகமே வரவில்லை. எந்த இடத்தில் வந்திருக்க வேண்டும்?

டெல்டாக்காரர் என்றால் முதல் பக்கத்திலேயே, குறுவை என்ற சொல்லில்.

குறுவை என்பது குறுகிய கால நெல் சாகுபடி. அதற்காக மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது வழக்கம். 2003ல் அந்தத் தேதியில் திறக்கவில்லை. அக்டோபரில்தான் தண்ணீர் விட்டார்கள். அது குறுவையை அறுத்து முடிக்கிற நேரம். கும்பகோணம், பாபநாசம் பக்கமாக இருந்தால் பம்புசெட் வைத்துக் குறுவை எடுத்திருக்கலாம், அங்கே நிலத்தடி நீர் நல்ல நீர். தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம் போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான் வரும். தண்ணீர் தாராளமாக வந்த வருஷங்களிலேயே அங்கே எல்லா வயலிலும் குறுவை கிடையாது. ஆகவே, அந்த வருஷம், அந்த ஊரில், மூட்டை மூட்டையாகக் குறுவை நெல் விற்றிருக்க முடியாது.

ஆனால் இதைத் தெரிந்திருக்க வேண்டும் என்று எல்லா வாசகரிடமும் எதிர்பார்க்க முடியாது. முதல் வடிவத்தில் இந்த ஒரு தடயத்தை மட்டுமே நம்பியிருந்தேன். சென்னையிலிருந்து வந்த ஒரு நண்பர் படித்துவிட்டு, "பாவம் அந்தப் பையன், இப்படி ஒரு அப்பா" என்றார். தப்பு என்னுடையது. பொய்யைக் கண்டுபிடிக்க வேண்டிய சாமான் கதைக்குள்ளேயே இருக்க வேண்டும். அப்புறம்தான் இரண்டாம் பக்கத்தில் பையன் வாயில் ஒரு வரி வைத்தேன்: "அந்த வருஷம் தண்ணியே வரலன்னு அம்மா சொன்னாங்களே சித்தப்பா?" அதற்குச் சித்தப்பா, "உங்கம்மாவுக்கு என்ன தெரியும், அப்ப அவ பொறந்த வீட்டுல இருந்தா" என்று தாண்டிப் போய்விடுகிறார். இப்போது மேட்டூர் எங்கே இருக்கிறது என்று தெரியாதவருக்கும் அந்த இடம் உறுத்தும்.

கட்டைவிரல் மையில் அப்படி என்ன இருக்கிறது? சாட்சியாகப் போயிருக்கலாமே?

பத்திரப் பதிவுக்குப் போய்வந்த எவரையும் கேளுங்கள். அந்தக் காலத்தில் சாட்சிகள் கையெழுத்துப் போட்டால் போதும். மை தொட்டு ரேகை வாங்கியது எழுதிக் கொடுப்பவரிடம். பூர்வீக நிலம் என்றால் வாங்குகிறவர் பங்காளி இருவரையும் எழுதிக் கொடுக்கச் சொல்வார், இல்லாவிட்டால் பின்னால் வில்லங்கம் வரும் என்ற பயம் இருக்கும். ஆக, சித்தப்பா விரலில் மை இருந்தது என்றால் அவரும் விற்றவர். "ஊர்க்காரங்க சொல்லித்தான் தெரியும்" என்ற முதல் பக்கத்து வாக்கியம் அந்த டீ கிளாஸில் வந்து உடைகிறது.

பத்திர ஆபீஸ் நடைமுறை தெரியாதவருக்கும் குறைந்தபட்சம் இது தெரியும்: சேதி கேட்டுத் தெரிந்துகொண்டதாகச் சொன்னவர் பதிவன்று அங்கே நின்றிருக்கிறார்.

2003ல் டாஸ்மாக் கடையே இல்லையே! அதுவும் தடயமா, இல்லை நீங்கள் செய்த பிழையா?

இதைக் கவனித்தவர்களுக்கு நன்றி. டாஸ்மாக் சில்லறை விற்பனையைக் கையில் எடுத்தது 2003 நவம்பர் கடைசியில். நிலம் விற்றது அதற்கு முன்பு என்று வைத்தால் சித்தப்பா சொல்வது இடிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் இதை நான் தடயமாக வைக்கவில்லை. இன்றைக்கு எந்தச் சாராயக் கடையையும் எந்தக் காலத்து ஒயின் ஷாப்பையும் டாஸ்மாக் என்று சொல்வது நம் பேச்சு வழக்கு. பல வருஷம் கழித்துப் பேசுகிற ஒருவர் இன்றைய சொல்லை அன்றைக்குப் போட்டுப் பேசுகிறார். மனித ஞாபகம் அப்படித்தான் இயங்கும்.

தப்பு எல்லாமே தடயம் ஆகிவிடாது. நான் பிரித்துப் பார்க்கிற விதம் இது: இந்தத் தப்பினால் சொல்கிறவருக்கு ஏதாவது ஆதாயம் உண்டா? டாஸ்மாக் என்று சொன்னாலும் ஒயின் ஷாப் என்று சொன்னாலும் சித்தப்பாவுக்கு ஒன்றும் கூடவோ குறையவோ இல்லை. குறுவை விளைந்தது என்று சொல்வதில் ஆதாயம் இருக்கிறது. வறட்சியில் விற்றார் என்றால் அண்ணன் மேல் பரிதாபம் வந்துவிடும், விளைச்சலிலும் விற்றார் என்றால்தான் குற்றவாளி ஆவார். எனக்குத் தெரியாது என்று சொல்வதிலும் ஆதாயம் இருக்கிறது. இரண்டு தப்பும் ஒரே திசையில் சாய்கின்றன. ஒரே திசையில் சாய்கிற தப்புகள் இரண்டு மூன்று சேர்ந்தால், அங்கே ஒருவர் கதையைத் தள்ளிக்கொண்டு போகிறார் என்று தெரிந்துகொள்ளலாம். தப்புகள் நாலா பக்கமும் சிதறிக் கிடந்தால் அது மறதி, அல்லது எழுதியவரின் கவனக்குறைவு.

சரி, சித்தப்பா பொய் சொல்கிறார். அப்படியானால் அண்ணன் தம்பிக்காகத் தியாகம் செய்த உத்தமர். இதுதானே கதை?

எங்கள் கூட்டத்தில் ஏறக்குறைய எல்லோரும் வந்து நிற்கிற இடம் இது. நான் அதிகமாக வாதாடுவதும் இங்கேதான்.

கதையில் நமக்கு உறுதியாகக் கிடைத்தது என்ன என்று எண்ணிப் பாருங்கள். அந்த வருஷம் தண்ணீர் இல்லை. சித்தப்பாவும் சேர்ந்துதான் விற்றார். சில மாதத்தில் அவர் சிங்கப்பூர் போனார். பதிவு முடிந்தவுடன் அண்ணன் டீ வாங்கிக் கொடுத்து "நல்லபடியா போயிட்டு வா" என்றார். ஏஜென்டுக்குக் கட்டிய பணம் இந்த நிலத்துப் பணம்தான் என்பது வலுவான ஊகம். நம் பக்கத்து வீடுகளில் எத்தனை பேர் அப்படிப் போயிருக்கிறார்கள் என்று நமக்கே தெரியும். இதுவரை கதை அனுமதிக்கிறது.

ஆனால் அண்ணன் மனதில் என்ன இருந்தது? பாசமாக இருக்கலாம். தம்பி அனுப்புகிற பணத்தில் இரண்டு மடங்கு நிலம் வாங்கலாம் என்ற கணக்காக இருக்கலாம். தண்ணீர் வராத நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற சலிப்பாக இருக்கலாம். கூடவே அவர் குடித்தும் இருக்கலாம். குடித்தார் என்பதைப் பொய் என்று காட்டுகிற ஒரு வரிகூடக் கதையில் கிடையாது. சித்தப்பா ஒரு விஷயத்தில் பொய் சொன்னார் என்பதால் அவர் சொன்ன எல்லாமே பொய் என்றும், பொய்யைத் திருப்பிப் போட்டால் உண்மை வந்துவிடும் என்றும் எடுத்துக்கொள்கிறோம். சட்டையைத் திருப்பிப் போடுகிற மாதிரி அது நடக்காது.

இங்கே கடந்த காலமும் நோக்கமும் இரண்டு விதமாக நடந்துகொள்கின்றன. கடந்த காலத்தில் என்ன நடந்தது என்பதை ஓரளவு மீட்டெடுத்துவிடலாம். அது மை, பத்திரம், தண்ணீர் என்று ஏதாவது ஒரு பொருளில் ஒட்டிக்கொண்டு இருக்கும், சொல்கிறவர் எவ்வளவு துடைத்தாலும் ஒரு துளி மிஞ்சும். நோக்கம் அப்படி எதிலும் ஒட்டுவதில்லை. அதை யாராவது சொல்லித்தான் நாம் அறிய வேண்டும். சொல்ல வேண்டியவர் இறந்துவிட்டார், சொல்கிறவரோ ஆதாயம் உள்ளவர். அதனால் அண்ணனின் கடந்த காலம் கடைசிப் பக்கத்தில் முதல் பக்கத்தைவிடத் தெளிவாகிவிடுகிறது, அவர் நோக்கமோ முதல் பக்கத்தைவிட மங்கிப்போகிறது. முதல் பக்கத்தில் "குடி" என்று ஒரே ஒரு பதில் இருந்தது. இப்போது நான்கைந்து இருக்கின்றன, எதையும் தள்ளிவிட முடியவில்லை.

உத்தமர் என்று முடித்துக்கொள்கிற வாசகர், தனக்கு முன்பு சித்தப்பா செய்ததையே வேறு திசையில் செய்கிறார். இறந்தவருக்குப் பதிலாகத் தானே பேசிவிடுகிறார்.

பொய் சொல்கிறவர் மையைப் பற்றி ஏன் வாயைத் திறக்க வேண்டும்? அதை மறைத்திருக்க மாட்டாரா?

மிக நல்ல கேள்வி. எனக்குத் தோன்றும் பதில், அவர் அந்த இடத்தில் பொய் சொல்லிக்கொண்டிருக்கவில்லை என்பதுதான். மூன்றாம் பக்கத்துக்கு வரும்போது அவர் அண்ணனைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கிறார். அந்த டீயை, அந்த வேப்பமரத்தை நினைத்துக்கொண்டிருக்கிறார். வழக்கை நடத்துகிற புத்தி ஒரு நிமிஷம் அயர்ந்துவிடுகிறது, ஞாபகம் பேசிவிடுகிறது. முதல் பக்கத்தில் ஒரு வாசனையோ ஒரு நிறமோ கிடையாது, "குறுவை விளைஞ்சுது", "டாஸ்மாக்ல போச்சு" என்று வெறும் முடிவுகள் மட்டும். மூன்றாம் பக்கத்தில் வேட்டி ஓரம், கிளாஸ், கறுப்பு ரேகை. கட்டிச் சொல்கிற இடத்தில் முடிவுகள் நிறைய இருக்கும், உண்மையாக ஞாபகம் வருகிற இடத்தில் பொருள்கள் இருக்கும். எப்போதும் அப்படியே என்று சொல்ல மாட்டேன், கெட்டிக்காரப் பொய்யர் பொருள்களையும் அடுக்குவார். சித்தப்பா கெட்டிக்காரர் இல்லை.

இதனால் அவருடைய நோக்கமும் மாறிப் படிக்கப்படுகிறது. வெறும் பேராசை என்றால் அந்த டீயை இத்தனை வருஷம் ஞாபகம் வைத்திருக்க மாட்டார். கடனைத் திருப்பித் தரவில்லை என்ற குறுகுறுப்பு அவரை அரித்திருக்கிறது. அண்ணன் குடிகாரராக இருந்தால்தான் அந்தக் கடன் கடனாக இல்லாமல் போகும். அதனால் அண்ணனைக் குடிகாரராக்கிச் சொல்கிறார், சொல்லிச் சொல்லி ஓரளவு தானே நம்பியும் இருக்கலாம்.

கேட்பது அண்ணன் மகன் என்பது முக்கியமா? மனைவியிடம் சொல்லியிருந்தாலும் இதே கதைதானே?

ரொம்ப முக்கியம். அண்ணன் மகன்தான் அந்த ஆறு மாவைக் கேட்க உரிமை உள்ளவன். மனைவியிடம் பேசியிருந்தால் "அன்னைக்கு அண்ணன் இல்லேன்னா நான் ஏது" என்று அழுதிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். பொய்யின் அளவை எதிரில் உட்கார்ந்திருப்பவர்தான் தீர்மானிக்கிறார்.

இதெல்லாம் மேற்கிலிருந்து வந்த உத்தி. நம் இலக்கியத்தில் இதைத் தேடுவது வலிந்து செய்வதில்லையா?

பெயர் அங்கிருந்து வந்தது. யார் சொல்கிறார்கள், யார் கேட்கச் சொல்கிறார்கள் என்று பார்த்துப் படிக்கிற பழக்கம் நம்மிடம் வெகுகாலமாக இருக்கிறது. சங்க அகப்பாடல்களின் கீழே இருக்கும் கூற்றுக் குறிப்பு அதற்குத்தான்.

வயலும் வயல் சார்ந்த இடமுமான மருதம் நம் மண். அதன் உரிப்பொருள் ஊடல். ஒரு ஆணின் நடத்தையை மனைவி ஒரு விதமாகவும் தோழி ஒரு விதமாகவும் பரத்தை ஒரு விதமாகவும் சொல்கிற திணை அது. குறுந்தொகையின் 8ஆம் பாட்டு, ஆலங்குடி வங்கனார் பாடியது, பரத்தை கூற்று. வயலோர மாமரத்தில் பழுத்து உதிர்கிற பழத்தைக் குளத்து வாளை மீன் கவ்வுகிற ஊர்க்காரன் அவன். எங்கள் வீட்டில் பெரிய பேச்சுப் பேசினான், தன் வீட்டிலோ கண்ணாடிப் பாவை போல, மனைவி கையையும் காலையும் தூக்கினால் தானும் தூக்குகிறான் என்கிறாள்.

இதை மட்டும் படித்தால் தலைவன் முதுகெலும்பில்லாத ஆள். இனிக் குறிப்பைப் பாருங்கள்: மனைவி தன்னைப் பழித்தாள் என்று கேள்விப்பட்ட பரத்தை, மனைவிக்கு வேண்டியவர்கள் காதில் விழும்படி சொன்னது. உடனே எல்லாம் ஆடிவிடுகிறது. அவன் உண்மையிலேயே கண்ணாடிப் பாவையா, அல்லது மனைவி காதுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக அவனை அப்படி வரைகிறாளா? அந்த மாம்பழமும் வாளையும்கூட, நான் படிக்கிறபடி, அவள் தரப்பு வாதம்தான். பழம் தானாக விழுந்தது, மீன் தானாக வந்து கவ்வியது, நான் யாரையும் வலை போட்டுப் பிடிக்கவில்லை என்கிறாள். அவள் சொல்வது பொய் என்று பாட்டில் எங்கும் இல்லை. அவளை நம்பியே தீர வேண்டும் என்றும் இல்லை.

இதே கதையை அண்ணன் வீட்டுச் சிறு பெண் சொல்லியிருந்தால்?

எட்டு வயதுப் பிள்ளைக்கு மறைக்க ஒன்றும் இருக்காது, புரியவும் புரியாது. "சித்தப்பா கட்டைவிரல் கறுப்பா இருந்துச்சு, அப்பா அன்னைக்குச் சாப்பிடல" என்று சொல்லும். அதுவும் நம்பகமற்ற கதைசொல்லிதான், ஆனால் அங்கே வாசகர் எதையும் தட்டிக்கழிக்க வேண்டியதில்லை, காரணத்தைத் தானே சேர்த்துக்கொண்டால் போதும். சித்தப்பாவிடம் முதலில் கழிக்க வேண்டும், பிறகு சேர்க்க வேண்டும். எழுதச் சித்தப்பா வகைதான் கஷ்டம்.

உண்மை தெரிந்த பிறகும் எனக்கு அண்ணன் மேல் கொஞ்சம் கசப்பு இருக்கிறது. ஏன்?

ஏனென்றால் முதலில் உட்கார்ந்தது அந்தச் சித்திரம். இரண்டு பக்கம் முழுக்க ஒரு குடிகாரரோடு நடந்து வந்திருக்கிறீர்கள். மூன்றாம் பக்கம் செய்தியை மாற்றுமே தவிர, அந்த இரண்டு பக்கத்தில் வந்த கசப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளாது. ஒருமுறை பக்கங்களை மாற்றி, மை வரும் இடத்தை முதலில் வைத்துப் படிக்கக் கொடுத்துப் பார்த்தேன். அதைப் படித்தவர்கள் சித்தப்பாவைப் பொய்யர் என்று முதலிலேயே முடிவு கட்டினார்கள், கசப்பெல்லாம் அவர் மேல் போனது. வாக்கியங்கள் அதேதான்.

பையனுக்கும் அப்படித்தான் இருக்கும். நாளைக்கே அவன் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்து, எழுதிக் கொடுத்தவர் என்ற இடத்தில் இரண்டு பெயரும் இருப்பதைக் கண்டாலும், பதினாறாம் நாள் சாயங்காலம் கேட்ட "குடிக்கிறவன்" என்ற சொல் அவன் காதில் இருக்கும்.

நானும் இப்படி ஒரு கதை எழுத முயல்கிறேன். தடயத்தை எங்கே வைப்பது?

சொல்கிறவரின் கவனம் வேறு எதிலோ இருக்கிற இடத்தில் வையுங்கள். மை வருகிற பத்தியின் முதல் வரைவில் சித்தப்பா பத்திரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அங்கே மை வந்ததும் வாக்குமூலம் மாதிரி ஆகிவிட்டது, எல்லோரும் பிடித்துவிட்டார்கள். பிறகு அந்தப் பத்தியை அண்ணன் வாங்கிக் கொடுத்த டீயைப் பற்றியதாக மாற்றினேன். பொய்யையும் தடயத்தையும் அடுத்தடுத்த பத்தியில் வைக்காதீர்கள், குறைந்தது ஒரு பக்கமாவது இடைவெளி வேண்டும். வாசகர் பொய்யை நம்பி, அதோடு கொஞ்சம் வாழ்ந்திருக்க வேண்டும்.

கடைசியில் யாராவது வந்து உண்மையைப் போட்டு உடைக்கிற காட்சி வேண்டாம். என் கதையில் அண்ணி ஒரு தடவை திண்ணைப் பக்கம் வந்து, சித்தப்பா பேசுவதைக் கேட்டுவிட்டு, காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறாள். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று நான் எழுதவில்லை.